போன முறை கலைந்தது காபியாலா? கர்ப்ப காலத்தில் 200 மில்லிகிராம் என்பதன் கணக்கு

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. இப்போது 10 வாரம். போன வருடம் 9வது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது ஆறரை வார வளர்ச்சிதான் இருக்கிறது, துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த முறை எனக்கு மசக்கையே இல்லை, வழக்கம்போல மூன்று காபி, சில நாள் நான்குகூடக் குடித்தேன். இந்த முறை காபி வாசனையே பிடிக்கவில்லை, ஆனால் குடிக்காவிட்டால் மதியம் தலை வெடிக்கிறது. காலையில் ஒரு பெரிய மக் இன்ஸ்டன்ட், அலுவலகத்தில் மெஷின் காபி ஒன்று, சாயங்காலம் ஒரு டீ. என் டாக்டர் நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை என்கிறார். அரை கப் குடித்தாலே குழந்தையின் எடை குறையும் என்று படித்தேன். என் நாத்தனார் முகத்துக்கு நேராகவே "காபியைக் குடிச்சே கலைச்சுட்டே" என்றார். என்னால்தான் போனதா? இப்போது எவ்வளவு குடிக்கலாம்?

பதில்:

முதலில் நாத்தனார் சொன்னதை எடுத்துக்கொள்வோம், அது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருக்கும்போது நான் சொல்லும் மில்லிகிராம் கணக்கு எதுவும் மனதில் ஏறாது.

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒன்பதாவது வாரத்தில் பார்த்தபோது கருவின் அளவு ஆறரை வாரம்தான் என்றால், உங்கள் தேதிக் கணக்கு சரியாக இருக்கும் பட்சத்தில், வளர்ச்சி நின்று ஏறக்குறைய இரண்டரை வாரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். உதிரப்போக்கு இல்லை, வலி இல்லை, உங்களுக்குத் தெரியவும் வழியில்லை. அந்த இரண்டரை வாரத்தில் நீங்கள் குடித்த ஐம்பது சொச்சம் காபிக்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது, ஏனென்றால் நடக்க வேண்டியது அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரக் காபி? முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கையே தவறாக இருக்கிறது. அது கருமுட்டை உருவாகும்போதோ கரு சேரும்போதோ விழும் பிழை. உங்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே முடிவான விஷயம், காபி அதைச் செய்யவும் செய்யாது, காபியை நிறுத்தினால் அது மாறவும் மாறாது. உங்கள் கரு அந்தப் பாதியில் ஒன்றா என்பதைத் திசுப் பரிசோதனை செய்திருந்தால் மட்டுமே சொல்லியிருக்க முடியும், ஒரு முறை கலைந்ததற்கு வழக்கமாக யாரும் அதைச் செய்வதில்லை. ஆகவே "காபிதான் காரணம்" என்று உங்கள் விஷயத்தில் யாராலும் சொல்ல முடியாது, நாத்தனாராலும் முடியாது, என்னாலும் முடியாது. இருக்கிற சாட்சியை வைத்துப் பார்த்தால் காபி பட்டியலின் அடியில் எங்கோதான் வருகிறது.

அப்படியானால் காபிக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு என்று இத்தனை செய்திகள் எங்கிருந்து வருகின்றன? நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில், "அந்த முறை எனக்கு மசக்கையே இல்லை" என்ற வரியில், அதற்கான விடையில் பெரும்பகுதி இருக்கிறது. பல வருடமாக ஆராய்ச்சியாளர்களைச் சுற்றலில் விட்டிருக்கும் சிக்கலே இதுதான்.

நஞ்சுக்கொடி நன்றாக வேர்பிடித்து ஹார்மோன்கள் மளமளவென்று ஏறும்போது பலருக்கும் குமட்டல் வருகிறது, வாசனைகள் ஆகாமல் போகின்றன. அதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் காபிதான், இப்போது உங்களுக்கே ஆகியிருக்கிறதே. அதாவது கர்ப்பம் நன்றாகப் போகிறது, அதனால் மசக்கை வருகிறது, அதனால் காபி தானாகக் குறைகிறது. மறுபக்கம், வளர்ச்சி சரியாக அமையாத கர்ப்பத்தில் ஹார்மோன்கள் அவ்வளவு ஏறுவதில்லை, மசக்கை லேசாக இருக்கிறது அல்லது வருவதே இல்லை, அவள் பாட்டுக்கு மூன்று காபியைத் தொடர்கிறாள். வளர்ச்சி நின்று இரண்டு வாரம் கழித்துத்தான் ஸ்கேனில் தெரிகிறது என்றால் அந்த இரண்டு வாரத்தில் இருந்த கொஞ்ச நஞ்சக் குமட்டலும் அடங்கி, காபி இன்னும் கூடியிருக்கும். இப்போது ஒரு ஆய்வாளர் வந்து இரண்டு பேரிடமும் "எத்தனை காபி குடித்தீர்கள்" என்று கேட்டால், கலைந்தவர் அதிகம் குடித்திருப்பார், கலையாதவர் குறைவாகக் குடித்திருப்பார். தாளில் பார்த்தால் காபி குற்றவாளி. உண்மையில் காபி குறையாமல் இருந்ததற்கே காரணம் கர்ப்பம் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தது. உங்கள் போன வருடக் கதையும் இதோடு பொருந்துகிறது.

(ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மசக்கை இல்லாவிட்டால் கர்ப்பம் தடுமாறுகிறது என்று அர்த்தம் கிடையாது. ஒரு நாள்கூடக் குமட்டாமல் நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்கள் ஏராளம். நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வு இது, ஒருவருக்கு ஜோசியம் சொல்ல உதவாது.)

இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008-ல் வந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகளைப் பார்த்தால் போதும். ஒன்று சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 1,063 பெண்களை வைத்து நடந்தது. தினமும் 200 மி.கி. அல்லது அதற்கு மேல் காஃபின் எடுத்தவர்களுக்குக் கருச்சிதைவு, எதுவும் எடுக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம் என்று முடிவு வந்தது. இன்றுவரை தலைப்புச் செய்திகளில் சுற்றுவது பெரும்பாலும் இதுதான். அவர்கள் மசக்கையையும் கணக்கில் எடுக்கத்தான் செய்தார்கள், ஆனால் கலைந்தவர்களில் கணிசமானவர்களிடம் கலைந்த பிறகுதான் பேட்டி எடுக்க முடிந்தது. இன்னொன்று வட கரோலினாவை மையமாக வைத்து 2,407 பெண்களிடம் நடந்தது. அதில் பொதுவாகப் பார்த்தால் காபிக்கும் கலைவதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் கலைந்த பிறகு பேட்டி கொடுத்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் தொடர்பு தெரிந்தது, கலைவதற்கு முன்பே பேட்டி கொடுத்தவர்களிடம் இல்லை. காபி அதேதான், கேள்வி கேட்ட நாள்தான் வேறு. குழந்தையை இழந்தவர் "நான் என்ன தப்பு செய்தேன்" என்று ஒவ்வொரு நாளையும் துருவித் துருவி நினைத்துப் பார்த்திருப்பார், ஒரு கப்பைக்கூட மறந்திருக்கமாட்டார். நீங்களே பாருங்கள், "சில நாள் நான்குகூட" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தால் அந்த நாலாவது காபி உங்களுக்கு ஞாபகமே இருந்திருக்காது.

அதற்காகக் காபி முழுக்க நிரபராதி என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஸ்வீடனில் உப்சாலா நகரத்து ஆய்வு ஒன்று 2000-ல் வந்தது, எனக்குப் பிடித்த ஆய்வு, ஏனென்றால் கலைந்த கருக்களில் முடிந்தவற்றின் குரோமோசோமையும் பார்த்தார்கள். பிழையுள்ள கருக்கள் விஷயத்தில் காபிக்கும் கலைவதற்கும் தொடர்பு தெரியவில்லை, எதிர்பார்த்ததுதான், அவை எப்படியும் கலைந்திருக்கும். குரோமோசோம் சரியாக இருந்தவை, பார்க்க முடியாமல் போனவை, இவற்றில் தொடர்பு கொஞ்சம் தெரிந்தது, அதுவும் காபி கூடக்கூட அதிகமாக, நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் குடித்தவர்களிடம் இரண்டு மடங்கு அளவுக்கு. மசக்கையைக் கணக்கில் எடுத்த பிறகும் அது போகவில்லை. ஆகவே என் வாசிப்பு இது: நாள் முழுக்கக் காபியிலேயே மிதப்பவர்களுக்கு ஏதோ கொஞ்சம் ஆபத்து கூடலாம். ஒன்று இரண்டு கப் குடிப்பவரிடம் அப்படி ஒன்று இருந்தாலும் மசக்கை கிளப்பும் புழுதியில் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் 2010-ல், நாளுக்கு 200 மி.கி.க்குக் குறைவான காஃபின் கருச்சிதைவுக்கோ குறைப்பிரசவத்துக்கோ பெரிய காரணமாகத் தெரியவில்லை என்றுதான் எழுதியது. குழந்தையின் வளர்ச்சி பற்றி மட்டும் இன்னும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று நிறுத்திக்கொண்டது.

அந்த வளர்ச்சிக்குத்தான் இப்போது வருகிறேன். நீங்கள் படித்த "அரை கப்" அங்கிருந்து வந்தது. எடை விஷயத்தில் சாட்சி கருச்சிதைவைவிடக் கொஞ்சம் உறுதியானது, ஏனென்றால் ஆறாவது ஏழாவது மாதத்தில் குடிக்கும் காபியை மசக்கை அவ்வளவு குழப்புவதில்லை.

காஃபின் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் தாண்டிவிடும். உங்கள் ரத்தத்தில் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு குழந்தையிடமும் இருக்கும். அதை உடைக்கும் நொதி உங்கள் கல்லீரலில் இருக்கிறது, குழந்தையின் கல்லீரலில் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அதனால் நீங்கள் உடைத்துத் தீர்த்தால்தான் அதற்கும் தீரும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் காஃபின் கொஞ்சம் சுருக்கலாம், அதனால் வளர்ச்சி சற்று மந்தப்படலாம் என்பது கருத்து.

2008 கடைசியில் இங்கிலாந்தின் லெஸ்டர், லீட்ஸ் நகரங்களில் 2,635 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 60, 70 கிராம் குறைவாகப் பிறந்தன. இது வெளிவந்த கையோடு பிரிட்டனில் அதுவரை 300 என்றிருந்த வரம்பு 200 ஆகக் குறைக்கப்பட்டது. 2021-ல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னொரு படி மேலே போய், பெண்களின் வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் ரத்தத்திலேயே காஃபினை அளந்தது. அதிகமாக இருந்த கால்வாசிப் பேரின் குழந்தைகள், மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரின் குழந்தைகளைவிடச் சராசரியாக 84 கிராம் குறைவு. நாளுக்குச் சுமார் 50 மி.கி. என்று சொன்னவர்களிடம்கூட, எதுவுமே குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், 66 கிராம் குறைவு. உங்கள் "அரை கப்" இதுதான்.

எண்ணைப் பொய் என்று நான் சொல்லவில்லை, அதன் அளவைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள் என்கிறேன். 3 கிலோ குழந்தையில் 66 கிராம் என்பது நூற்றுக்கு இரண்டு. பிறந்த குழந்தை முதல் சில நாளில் தானாகவே எடையில் ஐந்து ஏழு சதவீதம் இறங்கி, அதாவது 150, 200 கிராம் இறங்கி, பிறகு ஏறுவது வழக்கம். புகைபிடிக்கும் தாயின் குழந்தைக்குச் சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைகிறது. அந்த வரிசையில் வைத்தால் காபியின் பங்கு சிறியது. நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அது ஒரு பொருட்டே ஆகாது. ஆனால் வேறு காரணத்தால், ரத்த அழுத்தமோ நஞ்சுக்கொடிக் கோளாறோ, ஏற்கெனவே சின்னதாக இருக்கும் குழந்தைக்கு இழப்பதற்கு அந்த 60 கிராமும் இருக்காது. ஆகவே முந்தைய குழந்தை எடை குறைவாகப் பிறந்திருந்தாலோ, வளர்ச்சி ஸ்கேனில் அளவு பின்தங்கினாலோ, நான் 200 என்றெல்லாம் பேசமாட்டேன், முடிந்தால் அறவே விடுங்கள் என்பேன். உங்களுக்கு இதுவரை அப்படி எதுவும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சாட்சி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியதாகிவிடும். மேலே சொன்னவை எல்லாம் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்ட ஆய்வுகள்தான். டென்மார்க்கில் அதற்கு மேலே ஒன்று செய்தார்கள், 2007-ல் வெளியானது. தினமும் மூன்று கப்புக்குக் குறையாமல் குடிக்கும் 1,207 கர்ப்பிணிகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குச் சாதாரண இன்ஸ்டன்ட் காபித்தூள், மறுபாதிக்குக் காஃபின் நீக்கிய தூள் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை வித்தியாசம் 16 கிராம், அதாவது தற்செயலாக வரக்கூடியதற்கு மேல் ஒன்றும் இல்லை. இது தரத்தில் மற்றவற்றைவிட உயர்ந்த சோதனை. ஆனால் கர்ப்பத்தின் பின்பாதியில் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் விடை சொல்கிறது, முதல் மூன்று மாதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மசக்கையில் இருப்பவளிடம் போய் இந்தக் காபியைக் குடி என்று யாரும் சோதனை நடத்தப் போவதுமில்லை.

இவ்வளவு கலங்கலான சாட்சியிலிருந்து ஒரு வழவழப்பான எண் எப்படி வந்தது என்று கேட்டால், குழுக்கள் உட்கார்ந்து பேசி எங்கோ ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் 200 என்றது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல், நாளுக்கு 300-க்கு மேல் எடுப்பவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. கனடாவிலும் 300 தான். 190 மி.கி. குடித்த நாளுக்கும் 210 குடித்த நாளுக்கும் உங்கள் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. இங்கிலாந்து ஆய்விலேயே 200-ல் வந்து ஒரு படி திடீரென்று இறங்கவில்லை, கோடு சீராகச் சரிகிறது. உங்கள் டாக்டர் சொன்னது சரிதான், நீங்கள் படித்ததும் கட்டுக்கதை இல்லை. ஒன்று நிர்வாகத்துக்கு வேண்டிய எண், மற்றது ஆய்வில் கிடைத்த சராசரி, இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

சரி, இனி உங்கள் நாளுக்கு வருவோம். "மூன்று கப்" என்கிறீர்கள், ஆனால் வரம்பு கப்பில் இல்லை, மில்லிகிராமில் இருக்கிறது, ஏமாறுவது எல்லாமே இந்த இடத்தில்தான். இன்ஸ்டன்ட் தூளில் காஃபின் எடையில் சுமார் 3 சதவீதம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 2 கிராம், அதில் 60 மி.கி. பெரிய மக் என்றால் பெரும்பாலானவர்கள் குவித்து இரண்டு ஸ்பூன் போடுகிறார்கள், நான்கரை கிராம் வந்துவிடும், 135 மி.கி. அலுவலக மெஷினில் எந்தப் பட்டன் என்று எழுதவில்லை. ஒற்றை எஸ்பிரெஸோ அளவு என்றால் 65-ஐ ஒட்டி, இரட்டை என்றால் 130. டீ ஒரு கப்புக்கு 50 என்று வைப்போம், நன்றாக ஊறிய பெரிய மக் என்றால் 75 வரை போகும். கூட்டினால் குறைந்தது 250, இரட்டைப் பட்டன் நாளில் 315. ஆக நீங்கள் 200-க்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதைத் தாண்டித்தான் இருக்கிறீர்கள்.

வீட்டில் தூளை ஒரு முறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், உங்கள் கைப்பழக்க ஸ்பூன் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். வெளியில் வாங்கும் காபியை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் ஒரு கடையில் ஒரே பெயர் கொண்ட ஒரே காபியை, ஏறக்குறைய அரை லிட்டர் கோப்பை, ஆறு நாள் வாங்கி ஆய்வகத்தில் அளந்தார்கள். குறைந்த நாளில் 259 மி.கி., அதிகமான நாளில் 564. குறைந்த நாள்கூட 200-ஐத் தாண்டியாயிற்று. வடிகட்டிய காபியை வெளியில் குடிப்பதென்றால் சின்னக் கோப்பையோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, இதைப் பலரிடம் சொல்லும்போது ஆச்சரியப்படுகிறார்கள். கர்ப்பம் ஏற ஏற காஃபினை உடைக்கும் அந்த நொதியின் வேகம் இறங்கிக்கொண்டே போகும். சாதாரண நாளில் குடித்ததில் பாதி தீர ஐந்து மணி நேரம் ஆகும். நடுக் கர்ப்பத்தில் பத்தை ஒட்டிப் போகிறது, கடைசி மாதங்களில் பதினைந்து, பதினெட்டு. காலை எட்டு மணிக்கு 200 மி.கி. மொத்தமாகக் குடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பென்றால் மறுநாள் காலை எட்டுக்கு ஏழெட்டு மி.கி.தான் மிச்சம். பதினைந்து மணி நேரக் கணக்கில் 66 மி.கி. மிஞ்சும், அதன் மேல் மறுபடி 200, அதில் மறுபடி மிச்சம், இப்படியே சில நாளில் ஒவ்வொரு காலையும் முதல் வாய் குடிப்பதற்கு முன்பே உடம்பில் கிட்டத்தட்ட 100 மி.கி. இருக்கும் நிலைக்கு வந்துவிடும். 200 என்ற வரம்பு கர்ப்பிணிகளை வைத்தே வந்ததால் இந்த மந்தம் ஓரளவு அதற்குள் அடங்கியதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் எட்டாவது மாதத்தில் சாயங்காலம் நாலு மணி டீ இரவு தூக்கத்தைக் கெடுப்பது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும், "எப்போதும் குடிப்பதுதானே, புதிதாக என்ன" என்று வந்து கேட்பவர்கள் நிறைய.

உங்கள் தலைவலிக்கும் இதே காஃபின்தான் காரணம் என்று தோன்றுகிறது. வழக்கமாகக் குடிப்பவர் விட்டால் பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். வைராக்கியமாக ஒரே நாளில் விட்டுவிட்டு மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமே இல்லை. முதல் மூன்று நாள் காலை மக்கில் தலைதட்டிய ஒன்றரை ஸ்பூன், அதாவது 3 கிராம், 90 மி.கி. மெஷினில் ஒற்றைப் பட்டன் மட்டும், டீ அப்படியே, ஆக 205. அடுத்த மூன்று நாள் காலையில் ஒரு ஸ்பூன், மற்றவை அப்படியே, 175. அதற்கப்புறம் மெஷின் காபிக்குப் பதில் காஃபின் நீக்கியது ஒன்று, அதிலும் கொஞ்சம் இருக்கும், பத்து மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 120. அங்கேயே நின்றுவிடலாம். 200 வரை இடம் இருக்க 120-ல் ஏன் நிற்கச் சொல்கிறேன் என்றால், மேலே பார்த்தீர்களே, நம் அளவுகளெல்லாம் உத்தேசம், ஒரு நாள் ஸ்பூன் குவிந்தாலும் வரம்பைத் தாண்டாத அளவுக்கு இடைவெளி வேண்டும். வாசனை பிடிக்காமல் அதுவும் இறங்கவில்லை என்றால் டீயை மட்டும் வைத்துக்கொண்டு காபியை விட்டுவிடுங்கள், உடம்பே கேட்கவில்லை என்றால் கட்டாயப்படுத்திக் குடிக்க ஒன்றுமில்லை.

தலைவலிக்கு மாத்திரை வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாராசிட்டமாலோடு காஃபினையும் சேர்த்த மாத்திரைகள் இருக்கின்றன, ஒன்றுக்கு 30-லிருந்து 65 மி.கி. வரை. காபியைக் குறைத்ததால் வந்த தலைவலிக்கு அதைப் போட்டால் உடனே கேட்கும், கேட்காமல் என்ன, உள்ளே போனது அதே காஃபின்தானே, ஆனால் குறைத்த கணக்கு திரும்ப ஏறிவிடும். வெறும் பாராசிட்டமால் என்று கேட்டு வாங்குங்கள், எத்தனை போடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதைக் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். இதில் காஃபின் குற்றம் ஒன்றுமில்லை, காபி டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காஃபின் நீக்கிய காபிக்கும் இது பொருந்தும்.

இந்தத் தலைவலி பத்து நாளில் போய்விட வேண்டும். போகாவிட்டாலோ, இருபது வாரத்துக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, காபி குறைத்ததால்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய் ரத்த அழுத்தம் பாருங்கள்.